கிணற்றில் விளக்கு எரிந்தது, ஆனாலும் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மனுவில் என்ன எழுதுவது?

மேட்டுக்காட்டுக்காரன்
8 மே 2025, இரவு 9.40

வணக்கம். கொங்குப் பக்கம் சின்ன விவசாயி நான். நேற்று முன்தினம், 6ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு விபத்து. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டக் கிணறு. 60 அடி ஆழம், 16 அடி அகலம். மேலே 25 அடிக்குக் கல்கட்டு, அதற்குக் கீழே பாறை. 38 அடியில் பழைய மோட்டார் வைத்திருந்த திட்டு ஒன்று உண்டு, அதுவரை படி இருக்கிறது. போர் போட்ட பிறகு நான்கு வருடமாக இந்தக் கிணற்றைத் தொடவில்லை. இந்தக் கோடையில் தூர் வாரிவிடலாம் என்று ஒரு மேஸ்திரியிடம் பேசி விட்டேன்.

காலை 6.30க்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். 8.45க்கு முட்டளவு தண்ணீர்தான் மிச்சம், நிறுத்திவிட்டு டீ குடித்தார்கள். 9.10 வாக்கில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிடம் நன்றாக எரிந்தது. சரி என்று இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவருக்கு 45 வயது, இன்னொருவர் இளைஞர்.

ஏழெட்டுச் சட்டி சேறு மேலே வந்திருக்கும். பெரியவர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். இளைஞர் அவரைத் தூக்கக் குனிந்தார், கால் மடிந்து அப்படியே சரிந்துவிட்டார். மேஸ்திரியின் மச்சான் ஓடிப் போய்ப் படியில் காலை வைத்தார். நானும் என் தம்பியும் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். அவர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

9.25க்கு 112, அப்புறம் தீயணைப்பு நிலையம், 108. தீயணைப்பு வண்டி வர 25 நிமிடம் ஆனது. முதுகில் சிலிண்டர் மாட்டி, முகமூடி போட்டுக்கொண்டு இறங்கித் தூக்கினார்கள். பெரியவர் ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டார். இளைஞர் பிழைத்துவிட்டார், இன்னும் வார்டில்தான் இருக்கிறார்.

போலீசுக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் நானேதான் சொன்னேன். எழுத்து மூலமாகத் தாசில்தார் அலுவலகத்துக்கும் ஒரு மனு வேண்டும் என்கிறார்கள். எல்லாரும் "கிணற்றில் விஷவாயு தாக்கி" என்று எழுதிக் கொடுங்கள், முடிந்தது என்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. விஷவாயு இருந்தால் விளக்கு அணைந்திருக்க வேண்டாமா?

செல்வன்_தூர்வை
8 மே 2025, இரவு 10.05

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணா. மச்சானைப் பிடித்து நிறுத்தினீர்களே, அது பெரிய காரியம். இல்லையென்றால் மூன்றாவது ஆளும் போயிருப்பார்.

நான்கு வருடம் மூடிக் கிடந்த கிணறு என்றால் அடியில் கரியமில வாயு தேங்கியிருக்கும். காற்றைவிடக் கனம், அதனால் கீழேயே படுத்துக் கிடக்கும். எங்கள் ஊரில் இறங்குவதற்கு முன்னால் பெரிய வேப்பங்குழையை வெட்டிக் கயிற்றில் கட்டி, அடி வரைக்கும் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, ஒரு நூறு தடவை செய்வார்கள். வேம்பு விஷத்தை முறித்துவிடும். மேலேயிருந்து நாலு குடம் தண்ணீரும் ஊற்றுவார்கள். அதெல்லாம் செய்தீர்களா?

விளக்கு விஷயம், ஒருவேளை அடிவரைக்கும் போகாமல் திட்டில் தட்டி நின்றிருக்கலாம்.

மேட்டுக்காட்டுக்காரன்
8 மே 2025, இரவு 10.20

இல்லை தம்பி, அடியில் தண்ணீர் மினுக்கியது வெளிச்சத்தில் தெரிந்தது. விழுந்த பிறகு தண்ணீர் ஊற்றினோம், புங்கங்கிளை ஒன்றை ஒடித்து விசிறினோம். அதற்கு முன்னால் எதுவும் செய்யவில்லை.

கவிதா_சேலம்
8 மே 2025, இரவு 10.48

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, 2023 அக்டோபரில் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கட்டாயம் கொடுக்க வேண்டும். மனிதரை இறக்கியதே குற்றம். முதலில் அதைப் பாருங்கள்.

பழனிச்சாமி_சுரங்கம்
9 மே 2025, காலை 6.15

கவிதா அம்மா, அந்தத் தீர்ப்பு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறப்பவர்களுக்கானது. இது பாசனக் கிணறு. நஷ்டஈடு வேறு வழியில் வரும், அதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மேட்டுக்காட்டுக்காரரே, நான் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு கேள்விதான். தண்ணீரை எதை வைத்து இறைத்தார்கள்? அதை எங்கே வைத்தார்கள்?

மேட்டுக்காட்டுக்காரன்
9 மே 2025, காலை 6.50

பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன எஞ்சின் பம்பு ஐயா. மேஸ்திரி வாடகைக்கு எடுத்து வந்தார். 38 அடித் திட்டில் வைத்துத்தான் ஓட்டினார்கள். மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்றார்கள்.

பழனிச்சாமி_சுரங்கம்
9 மே 2025, காலை 8.30

அதைத்தான் நினைத்தேன்.

மேலே வைத்தால் ஏறாது என்று அவர்கள் சொன்னது உண்மை. உறிஞ்சி இழுக்கிற எந்தப் பம்பும் 25 அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை இழுக்கத் திணறும். 60 அடிக் கிணற்றின் அடித் தண்ணீரை இழுக்க வேண்டுமென்றால் பம்பு கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். எஞ்சினும் பம்பும் ஒரே உடம்பாக இருப்பதால் எஞ்சினும் கூடவே இறங்குகிறது, அதன் புகைக்குழாயும். வினை இங்கேதான்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. புகை நாற்றம் போன பிறகும் அது அங்கேயே நிற்கும். கரியமில வாயு மாதிரி கனமும் இல்லை, காற்றின் எடைதான். ஆனால் கோடைக்காலத்துக் கிணற்றில் அது தானாக மேலே வந்துவிடாது. யோசித்துப் பாருங்கள், மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே வெளியே சுடுகிறது, கிணற்றின் அடி ஜில்லென்று இருக்கிறது. குளிர்ந்த காற்று கனம், மேலே இருக்கிற சூட்டுக் காற்று லேசு. கனமானது கீழே, லேசானது மேலே என்று ஆகிவிட்டால் இரண்டும் கலக்காது. கிணற்றுக்கு மூடி போட்ட மாதிரிதான். மார்கழி ராத்திரியில் வெளிக்காற்று குளிர்ந்து தானாகக் கீழே இறங்கும், கிணறு மூச்சு விடும். நாம் தூர் வாருவதோ சித்திரை, வைகாசியில்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். தோராயம்தான், யாரும் கோர்ட்டில் காட்ட வேண்டாம். அடியிலிருந்து 25 அடி உயரத்துக்கு அந்தக் கிணற்றில் ஏறத்தாழ 5,000 கன அடிக் காற்று. அந்த மாதிரிச் சின்ன எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினால் 15லிருந்து 20 கன அடி மோனாக்சைடு விடும். நீங்கள் இரண்டேகால் மணி நேரம் ஓட்டினீர்கள். பாதி சூட்டோடு மேலே போய்விட்டது என்றே வையுங்கள். மிச்சம் 18 கன அடி அங்கேயே கலந்தால் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு. அந்த அளவில் சும்மா நின்றாலே ஐந்து பத்து நிமிடத்தில் தலை சுற்றும், அரை மணியில் உயிர் போகும். சேறு அள்ளுகிறவன் மூச்சை இழுத்து இழுத்து விடுவான், அவனுக்கு இன்னும் சீக்கிரம்.

இப்போது விளக்குக்கு வருகிறேன். விளக்கு சோதிப்பது ஒன்றை மட்டும்தான், ஆக்சிஜன் இருக்கிறதா என்று. நல்ல காற்றில் 21 பங்கு ஆக்சிஜன். அது 16, 17க்கு இறங்கினால்தான் சுடர் அணையும். எஞ்சின் தின்ற ஆக்சிஜனைக் கழித்தால் உங்கள் கிணற்றில் 19, 20 பங்கு இருந்திருக்கும். விளக்கு சந்தோஷமாக எரியும். மோனாக்சைடைப் பற்றி விளக்குக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் விளக்கு பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

செல்வன்_தூர்வை
9 மே 2025, காலை 9.10

ஐயா, அப்படியென்றால் நான் சொன்ன கரியமில வாயு இல்லவே இல்லையா? எங்கள் பெரியப்பா கிணற்றில் விளக்கு அணைந்து நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழனிச்சாமி_சுரங்கம்
9 மே 2025, காலை 9.45

உங்கள் பெரியப்பா கிணற்றில் இருந்தது அதுதான் தம்பி, நீங்கள் பார்த்தது சரி. மக்கிய இலை, வேர், மண் எல்லாம் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவைக் கக்கும். மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டு வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால், மண்ணுக்குள் இருக்கிற காற்று கிணற்றுச் சுவர் வழியாக உள்ளே கசியும். நேற்று நன்றாக இருந்த கிணறு இன்று கெட்டுப் போவது அதனால்தான். அந்தக் காற்றுக்கு விளக்கு நல்ல சோதனை. இவர் கிணற்றில் அந்தக் காற்று இருந்திருந்தால் அரிக்கேன் அடியில் ஐந்து நிமிடம் எரிந்திருக்காது.

வேப்பங்குழை பற்றி. வேம்பு எதையும் முறிக்காது, புளியங்கிளையாக இருந்தாலும் அதே வேலைதான். இலை அடர்ந்த கிளை இறங்கி ஏறும்போது மேல்காற்றும் கீழ்காற்றும் கொஞ்சம் கலக்கும். ஊற்றுகிற தண்ணீரும் கொஞ்சம் காற்றை இழுத்துப் போகும். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது தீயணைப்பு வண்டி வரும்வரை அதைச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதைச் செய்துவிட்டோம், இனி இறங்கலாம் என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

தங்கமணி
9 மே 2025, காலை 11.30

எங்கள் வீட்டிலும் இப்படி நடந்தது, பதினைந்து வருடத்துக்கு முன்னால். வெடி வைத்து ஆழப்படுத்தினார்கள். சாயந்திரம் வெடித்துவிட்டு மறுநாள் காலையில் இறங்கினார்கள், மூன்று பேருக்கும் மண்டை பிளக்கிற தலைவலி, ஒருவருக்கு வாந்தி. யாரும் சாகவில்லை. ஆனால் எங்களுக்கு ஊரில் சொன்னது முனி அடித்துவிட்டது என்று. கிடா வெட்டினோம். பழனிச்சாமி ஐயா எழுதியதைப் படித்தால் எனக்கு அந்தக் கிடா ஞாபகம் வருகிறது.

வெடிப்புகையிலும் இந்த வாயு உண்டா?

பழனிச்சாமி_சுரங்கம்
9 மே 2025, பகல் 12.05

உண்டு அம்மா. மோனாக்சைடும் இருக்கும், நுரையீரலை அரிக்கிற நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கும். உடைந்த கல் குவியலுக்கு உள்ளே அடைந்து கிடக்கும், மறுநாள் மண்வெட்டியால் கிளறும்போது வெளியே வரும். கிடாவுக்கு என் அனுதாபம்.

கீதா_செவிலியர்
9 மே 2025, மதியம் 2.20

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். மேட்டுக்காட்டுக்கார அண்ணா, பிழைத்த தம்பிக்காக இதை எழுதுகிறேன்.

விரலில் மாட்டுகிற கருவியில் 98, 99 காட்டும். "ஆக்சிஜன் நல்லா இருக்கே, பயத்தில் மயங்கியிருப்பார்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் சிவப்புதான். ரத்தம் எடுத்துக் கார்பாக்சி ஹீமோகுளோபின் என்று தனியாகப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் சீக்கிரம் எடுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும், முகமூடி போட்டு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள்ளேயே பாதியாகிவிடும். இன்று மூன்றாம் நாள், இப்போது எடுத்தால் ஒன்றும் இருக்காது. அன்றைக்கே எடுத்தார்களா, அந்த ரிப்போர்ட் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இறந்தவர் விஷயம் வேறு. மூச்சு நின்றுவிட்டதால் ரத்தத்தில் ஏறியது அப்படியே இருக்கும். பிரேதப் பரிசோதனையில் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் எஞ்சின் ஓடியது என்று டாக்டருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். "கிணற்றில் விஷவாயு" என்று மட்டும் போலீஸ் எழுதி அனுப்பினால் அவர் எதைத் தேடுவார்?

இன்னொன்று. அந்தத் தம்பி வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றிரண்டு மாதம் கவனிக்கச் சொல்லுங்கள். ஞாபக மறதி, நடை தள்ளாட்டம், காரணமில்லாத கோபம் என்று வாரங்கள் கழித்து வரலாம். குடிக்கிறான் என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள்.

மேட்டுக்காட்டுக்காரன்
9 மே 2025, மாலை 5.10

கீதா அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஸ்டேஷனுக்குப் போனேன். என்னிடம் முதல் நாள் வாங்கின வாக்குமூலத்தில் எஞ்சின் என்ற சொல்லே இல்லை. நானே சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "தண்ணீர் இறைத்துவிட்டு" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் மேஸ்திரி நிற்கிறார். எஞ்சினைப் பற்றி எழுதாதீர்கள் அண்ணா, எழுதினால் நம் இரண்டு பேர் மேலும் வழக்கு வரும், விஷவாயு என்றால் கடவுள் செயல் என்று போய்விடும் என்கிறார். அவரும் மூன்று பிள்ளை வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய?

ஓய்வுபெற்ற_விஏஓ
9 மே 2025, இரவு 7.30

தம்பி, முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஊரில் திடீர் மரணம் நடந்தால் அதைத் தெரிவிப்பது வி.ஏ.ஓ.வுக்கு மட்டும் உள்ள கடமை இல்லை. அந்த ஊரில் குடியிருக்கிற எவருக்கும் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 40ஆம் பிரிவு, போன வருடம் ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 34. நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள். போலீஸ் இப்போது 194இன் கீழ்ப் பதிவு செய்திருப்பார்கள், பழைய 174. அது யார் மேலும் குற்றம் சொல்கிற வழக்கு இல்லை, எப்படி இறந்தார் என்று விசாரிக்கிற வழக்கு. அலட்சியம் என்று தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106க்கு மாற்றுவார்கள்.

மனுவில் காரணத்தை எழுதாதீர்கள். காரணம் சொல்வது உங்கள் வேலை இல்லை. விஷவாயு என்றும் வேண்டாம், புகை என்றும் வேண்டாம். கண்ணால் பார்த்ததை நேரத்தோடு எழுதுங்கள். சர்வே எண், கிணற்றின் அளவு, எத்தனை வருடமாகப் பயன்பாட்டில் இல்லை, யாரிடம் வேலையை ஒப்படைத்தீர்கள், என்ன எஞ்சின், எத்தனை அடியில் இருந்தது, எப்போது ஓட ஆரம்பித்தது, எப்போது நின்றது, விளக்கு விட்டது, எத்தனை மணிக்கு இறங்கினார்கள், முதலில் யார் உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு யாருக்குப் போன் செய்தீர்கள். போனில் அழைத்த நேரம் பதிவாகியிருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்தில் இருந்து எழுதாதீர்கள். முதல் நாள் சொல்லாமல் விட்டது எது என்பதையும், பதற்றத்தில் விட்டுப்போனது என்பதையும் ஒரு வரி சேருங்கள். தாசில்தாருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

மேஸ்திரி சொல்வது நடக்காது. எஞ்சின் திட்டில் இருந்ததைத் தீயணைப்புக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் அறிக்கையில் வரும். பிழைத்த பையனும் பேசுவான். மறைத்தது பிறகு தெரிந்தால் அது வேறு கதை.

செல்வன்_தூர்வை
9 மே 2025, இரவு 8.15

சரி ஐயா, ஆனால் நஷ்டஈட்டை யார் கொடுப்பது? மேஸ்திரி கூட்டி வந்த ஆள்தானே. அண்ணன் கையில் முடிந்ததைக் குடும்பத்திடம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததில்லையா? எங்கள் பக்கம் அப்படித்தான் பேசி முடிப்பார்கள்.

தொழிலாளர்_வழக்கு
9 மே 2025, இரவு 10.40

அப்படி முடிக்காதீர்கள். இறப்புக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்திடம் நேராகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் வராது, மூன்று மாதக் கூலி அளவுக்கான முன்பணம் தவிர. நாலு பேர் முன்னால் எழுதி வாங்கிய தாளுக்கு அங்கே மதிப்பில்லை. பிறகு ஆணையர் முழுத்தொகையையும் மறுபடி கட்டச் சொல்லலாம்.

தொகை எவ்வளவு என்றால், மாதக் கூலியில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்குவார்கள். கூலி எவ்வளவு வாங்கினாலும் 15,000க்கு மேல் எடுக்க மாட்டார்கள். 45 வயதுக்கு அந்த எண் 169.44. ஆக 7,500ஐ அதனால் பெருக்கினால் 12,70,800 ரூபாய்.

இதை யார் கட்டுவது என்பதில்தான் வாதம். மேஸ்திரிதான் முதலாளி என்றால் அவர். தன் தொழிலுக்காக ஒருவரிடம் வேலையை ஒப்பந்தம் விட்டவரும் பொறுப்பு என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. விவசாயிக்குக் கிணறு தூர் வாருவது தன் தொழிலுக்கான வேலையா என்று இரண்டு பக்கமும் பேசலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. 12 அடிக்கு மேல் ஆழமான தோண்டும் வேலை சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தூர் வாருவது தோண்டுவதா? நான் தொழிலாளி பக்கம் நிற்கிறவன், ஆம் என்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை என்பார்.

ஓய்வுபெற்ற_விஏஓ
10 மே 2025, காலை 6.40

வக்கீல் சாருக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற விவசாயியை முதலாளி என்று ஆணையர் முன் நிறுத்தினால் அவர் நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வேலை இடத்தில் இறந்தால் வாரியத்தில் தனி உதவி உண்டு.

தொழிலாளர்_வழக்கு
10 மே 2025, காலை 7.25

வாரிய உதவியைக் கேட்கட்டும், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அது இழப்பீட்டுக்குப் பதில் இல்லை. நிலம் போகும் என்று வருத்தப்படுகிறீர்கள், அந்த வீட்டில் ஆளே போய்விட்டாரே.

மேட்டுக்காட்டுக்காரன்
10 மே 2025, மாலை 4.00

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். மனுவை எழுதிக் கொடுத்துவிட்டேன், இரண்டு இடத்திலும் முத்திரை வாங்கினேன். எஞ்சின், திட்டு, 6.30, 8.45 எல்லாம் இருக்கிறது. காரணம் எழுதவில்லை. போனைப் பார்த்தால் நான் 9.25 என்று நினைத்தது 9.31. ஆறு நிமிடம். அது எங்கே போனது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வி.ஏ.ஓ. இன்று மறுபடி வந்து கிணற்றை அளந்தார். இறந்தவர் ரத்தம் தடயவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறதாம், முடிவு வர நாளாகும். அவர் முகம் சேற்றில் இருந்ததால் மூச்சு முட்டியும் இறந்திருக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தத் தம்பிக்கு அன்றைக்கு அந்த ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். இறங்கிய கொஞ்ச நேரத்தில் கை தன்னுடையது மாதிரி இல்லை, நாற்றம் எதுவும் தெரியவில்லை என்றாராம்.

மேஸ்திரி போன் எடுப்பதில்லை.

செல்வன்_தூர்வை
10 மே 2025, மாலை 4.35

நாற்றம் இல்லை என்றால் அழுகின முட்டை நாற்றம் வருகிற வாயுவும் இல்லை, அப்படித்தானே ஐயா?

பழனிச்சாமி_சுரங்கம்
10 மே 2025, மாலை 6.20

அந்த முடிவுக்கு உடனே போகாதீர்கள் தம்பி. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால்தான் நாறும். அதிகமாக இருந்தால் மூக்கு செத்துவிடும், வாசனையே தெரியாது. நான்கு வருடச் சேற்றைக் கிளறினால் அதுவும் வரலாம். ஆனால் முதல் சட்டி சேறு மேலே வந்தபோது கரையில் நின்றவர்களுக்காவது நாறியிருக்கும். எஞ்சின் பக்கம்தான் என் சந்தேகம் பெரிது. உறுதியாகச் சொல்ல வேண்டியது ஆய்வகம்.

மேட்டுக்காட்டுக்காரரே, மீதித் தூரை என்றாவது எடுப்பீர்கள். அப்போது எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். டீசல் எஞ்சின் பரவாயில்லை என்பார்கள், கேட்காதீர்கள். புகைக்குழாய்க்கு நீளமாக ஹோஸ் மாட்டி மேலே விடுகிறேன் என்பார்கள், இணைப்பில் கசியும், அதையும் கேட்காதீர்கள். கரண்டில் ஓடுகிற மூழ்கு மோட்டாரை இறக்கி இறையுங்கள், ஆள் இறங்குவதற்கு முன்னால் அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். புளோயரை மேலே வைத்து, தடித்த பிளாஸ்டிக் குழாயை அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை விட்டு ஊதுங்கள். உங்கள் அடிக்கிணற்றுக் காற்று ஒரு தடவை மாற, நிமிடத்துக்கு 350 கன அடி ஊதுகிற புளோயருக்குக் கால் மணி நேரம் ஆகும். ஒரு தடவை போதாது, ஒரு மணி நேரமாவது ஓட்டிவிட்டு, ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தாமல் வைத்திருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, ஒரு பொறி பட்டால் உடுத்தியிருக்கிற துணியே கொழுந்துவிட்டு எரியும்.

நான்கு வாயு காட்டுகிற மீட்டர் கிடைத்தால் வாடகைக்காவது எடுங்கள். ஆக்சிஜனையும் மோனாக்சைடையும் சல்பைடையும் அது தனித்தனியாகக் காட்டும். கரியமில வாயுவைச் சாதாரண மீட்டர் காட்டாது, அதற்கு உங்கள் அரிக்கேனையும் விட்டுப் பாருங்கள். இறங்குகிறவர் இடுப்பில் மட்டும் கயிறு கட்டினால் மயங்கும்போது மடிந்து தொங்குவார், தூக்க முடியாது. தோளும் தொடையும் சுற்றிய வார் கட்டி, கயிற்றின் மறுமுனை மேலே கப்பியில் இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்று சொன்ன உடனே, யாரும் இறங்காமல், மேலே இருந்தே இழுத்துவிடலாம்.

தங்கமணி
10 மே 2025, இரவு 8.00

அந்த ஆறு நிமிடத்தை நினைத்துக்கொண்டே இருக்காதீர்கள் அண்ணா. மச்சானைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், அதில்தான் போயிருக்கும்.

மேட்டுக்காட்டுக்காரன்
11 மே 2025, காலை 7.15

இருக்கலாம் அம்மா.

பழனிச்சாமி ஐயா, நீங்கள் சொன்னதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். இப்போதைக்குக் கிணற்றைச் சுற்றி முள் போட்டுவிட்டேன். எஞ்சின் இன்னும் திட்டில்தான் இருக்கிறது. போலீஸ் போட்டோ எடுத்துவிட்டு, சொல்லும்வரை தொடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். வாடகைக்குக் கொடுத்தவர் நேற்று வந்து அதை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.